ரோசலி எங்கே போகிறாள்?

பேய்க்கதை எழுதுவது நிம்மதியான தொழில். பேய்கள் திருத்தம் சொல்லாது, வழக்குப் போடாது, ஃபோனில் கூப்பிட்டுத் திட்டாது. பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் வார இதழ்களுக்கு எழுதினேன். இப்போது ஃபோனில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற ஒலித்தொடர்களுக்கு எழுதுகிறேன். வாரம் இரண்டு எபிசோடு. உங்களில் யாராவது இப்படிக் கெடுவுக்கு எழுதிப் பிழைப்பவராக இருந்தால் நம் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். ஆளை யோசிக்க நேரம் இருக்காது. இருக்கிற பொம்மைகளில் ஒன்றை எடுத்துப் பெயர் வைத்து அனுப்பிவிடுவோம். அப்படி நான் அனுப்பிய ஒரு பொம்மை திரும்பி வந்த கதைதான் இது. படிக்கும்போது உங்களுக்கு முதுகு சில்லிட்டால் கவலைப்பட வேண்டாம். எனக்கு இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கால்

பிரான்சு பென்ஷன் வாங்கிய ஒரு பழைய சொல்தாவின் வீடு. சொல்தா என்றால் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அவர் செத்த பிறகு வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே யாரோ நடக்கிறார்கள். இதுதான் தொடர். இருபத்துநான்கு எபிசோடு. வீட்டில் பேய் இருப்பதை யாராவது ஒருவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே. தட்டாஞ்சாவடியில் நான் டீ குடிக்கிற கடைக்கு எதிரே, சைடு வீல் வைத்த மஞ்சள் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வலது காலில் காலிப்பர், போலியோ வந்த காலைத் தாங்க மாட்டுகிற இரும்புச் சட்டம். நடந்தால் காலைச் சற்று வெளியே வீசி வைப்பார். கீல் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் போடும். எனக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான். சத்தத்தை எடுத்துக்கொண்டேன், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டேன், ரோசலி என்று பெயர் வைத்து மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்க உட்கார வைத்தேன். கால் இல்லாத குறைக்குக் கர்த்தர் காதைக் கொடுத்தார், செத்தவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும் என்று எழுதினேன். அவளுக்குக் கோபம் வராது, பசி வராது. யாரைப் பார்த்தாலும் சோகமாகச் சிரிப்பாள். கடைசி எபிசோடில் எல்லோரையும் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போவாள்.

எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு நல்ல பிள்ளை. தயாரிப்பாளர் மேடம் சென்னையில் இருக்கிறார். கதைச் சுருக்கத்தைக் கேட்டுவிட்டு ரொம்பவும் திருப்தியாகச் சொன்னார்: "ஒன்னு போனா ஒன்னு வரணும் சார், அதான் கதையில கணக்கு."

ஒலிப்பதிவில் ஒரு கூடுதல் ஆள்

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் பின் அறைதான் எங்கள் ஸ்டூடியோ. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறார்கள். சத்தங்களைப் போடுகிறவர் பிரபு. ரோசலியின் நடைக்காக அவர் ஒரு பழைய கேட்டுக் கீலையும் துடைப்பக் கட்டையையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு டொக், ஒரு க்ளிக். டொக் க்ளிக், டொக் க்ளிக். கேட்கப் பயமாகத்தான் இருந்தது, கை தட்டினோம்.

மூன்றாம் எபிசோடைக் கலக்கும்போது பிரபு என்னைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டினார். எங்கள் டொக் க்ளிக்குக்கு அடியில், தூரத்தில், இன்னொரு நடை கேட்டது. குச்சியும் ஒரு காலும் ஒன்றாக விழுகின்றன, பிறகு மற்ற கால். டொக், தட். டொக், தட். க்ளிக்கே இல்லை. அவசரமில்லாத, ஆனால் நிற்காத நடை. பக்கத்து வீட்டுச் சத்தம் என்று நினைத்து அந்தப் பகுதியை வெட்டினார். நான்காம் எபிசோடிலும் அது இருந்தது. மைக்கை மாற்றினார், கம்பியை மாற்றினார். ஐந்திலும் இருந்தது. அந்த அறையில் அன்று இருந்தது நாங்கள் இருவரும் குரல் கொடுக்கிற பெண்ணும்தான், மூவரும் உட்கார்ந்துதான் இருந்தோம். பிரபு ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். முகம் வெளுத்திருந்தது. மெதுவாகச் சொன்னார்: "நான் போட்டது சும்மா நடக்குது சார். இது எங்கேயோ போவுது."

மஞ்சள் ஸ்கூட்டர்க்காரர்

ஐந்தாம் எபிசோடு வெளியான வாரத்தில், டீக்கடையில் என் கிளாஸுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்து மேசையைத் தட்டியது. "நீங்கதான அந்தக் கதை எழுதறவரு? கடைக்கு வாங்க." அவர் பெயர் ரெஜினா. எதிர் சந்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எடுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி ஸ்லாட்டில் இறக்கி, வார்னிஷில் முக்கிக் காய வைப்பார்கள். பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் இருந்தெல்லாம் அவர் கையைத் தேடி மோட்டார் வரும். நான் உள்ளே போனபோது அவருடைய மேசைக்குக் கீழே எலுமிச்சம்பழங்களும் பாதி எரிந்த மெழுகுவத்திகளும் ஒரு குழந்தையின் சட்டையும் இருந்தன.

எல்லாம் என் கைங்கரியம். தொடரைக் கேட்டவர்கள் மஞ்சள் ஸ்கூட்டரை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருத்தர் ராத்திரி அழுகிற குழந்தையின் சட்டையைக் கொண்டுவந்து அவர் காலிப்பரில் தொட்டு எடுக்கப் பார்த்திருக்கிறார். இன்னொருத்தர் மிக்ஸியைக் கொடுத்துவிட்டு, காயிலில் கோளாறா, செத்த மாமியார் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இன்னும் சிலர் எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். ஒரு டீக்கடை மேசையில் உட்கார்ந்து நான் எழுதிய நாலு வரி, சந்தில் இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், அந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்து நான் பயந்தேன்.

ஆனால் ரெஜினாவின் கவலை அதுவல்ல. சந்து முனையில் ஒரு ஷெட்டு காலியாக இருக்கிறது. அதை வாடகைக்கு எடுத்துத் தன் பெயரில் பலகை மாட்டித் தனியாகக் கடை போட வேண்டும். இந்தக் கடைக்காரரிடம் விலகுவதாகச் சொல்லியாகிவிட்டது, மூன்றாம் மாதக் கடைசியில் இந்த மேசை இன்னொருவருக்கு. ஷெட்டுக்காரரோ என் தொடரின் தீவிர ரசிகர். சாமி மாதிரி இருக்கிறவருக்கு எதற்கம்மா வியாபாரம், பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து நாலு பேருக்கு நல்லது சொல்லலாமே என்கிறாராம். ரெஜினா கத்தவில்லை. வார்னிஷ் ஒட்டிய விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆறு மாசமா ஷெட்டு கேட்டுகினு இருக்கேன் பாய். இப்ப அவரு எனக்கு மெழுகுவத்தி ஏத்தி வெக்கிறாரு."

பூட்டு எப்போது விழும்

ரெஜினாவிடம் அடுத்த எபிசோடுகளின் தாள்களைக் கொடுத்தேன். எழுதும் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆள் செத்த பிறகு வைத்தியரைக் கூப்பிட்ட மாதிரி. கூலி பேசிக்கொண்டுதான் வாசித்தார், அதில் கறார். முதல் தாளிலேயே நிறுத்தினார். "வலது காலு போலியோன்னு எழுதிட்டு குச்சிய வலது கையில குடுத்திருக்கீங்க. எடது கையில புடிச்சாதான் பாரம் தாங்கும். அப்புறம் இந்த க்ளிக்கு. இது இன்னா, நடந்தா அடிக்கிற மணியா?" காலிப்பரின் முட்டியருகே இருக்கும் இரண்டு வளையங்களைக் காட்டினார். எழுந்து காலை நீட்டினால் வளையம் கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் அதைத் தூக்கிவிட வேண்டும், அப்போதுதான் முட்டி மடங்கும். சத்தம் அந்த இரண்டு நேரத்தில்தான். நடக்கும்போது பூட்டு அசையாது, அசைந்தால் விழுந்து பல் உடையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது குச்சியும் காலிப்பர் காலும் முதலில். வெயில் காலத்தில் தோல்பட்டைக்கு அடியில் புண் வரும்.

'குச்சியும் ஒரு காலும் ஒன்றாக, பிறகு மற்ற கால்' என்று அவர் நடந்து காட்டினார். டொக், தட். டொக், தட். எங்கள் ஒலிப்பதிவில் கேட்ட நடை அச்சாக அதுதான். நீங்கள் எங்கள் ஸ்டூடியோ பக்கம் எப்போதாவது வந்தீர்களா என்று கேட்டேன். முத்தியால்பேட்டைக்குப் போயே ஒரு வருடம் ஆகிறது என்றார்.

நான் பேச்சை மாற்ற, குச்சியைக் கை மாற்றிவிடுகிறேன், க்ளிக்கைச் சரிசெய்துவிடுகிறேன், முடிந்ததா என்றேன். அவர் தாள்களைச் சேர்த்து அடுக்கி என் பக்கம் தள்ளினார். "கால நல்லா எழுதிடுவீங்க. அவளுக்கு இன்னா வேணும்? காலைல எழுந்து இன்னாத்துக்கு அந்த ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்றா?" ஐந்து எபிசோடு வெளியாகியிருக்கிறது, எனக்கு அது தெரியவில்லை. சரி, உங்களைப் போலத் தைரியமான, நேர்மையான, உழைப்பாளிப் பெண்ணாக மாற்றிவிடுகிறேன் என்றேன். அதற்கு ரெஜினா கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். போன மாதம் ஒரு பம்ப் மோட்டாரில் சுற்றை எண்ணாமல் கட்டிவிட்டாராம், தப்பு தன்னுடையது என்று தெரிந்தும் கரண்டு மேல் பழியைப் போட்டு அனுப்பிவிட்டாராம். தங்கையோடு நாலு வருடமாகப் பேச்சு இல்லை, காரணம் ஒரு கல்யாணத்துப் புடவை. "என்னை நொண்டின்னா சண்டைக்கு வருவேன் பாய். தெய்வம்னா அதவிட பெரிய சண்டைக்கு வருவேன்."

காலாப்பட்டிலிருந்து ஒரு மிரட்டல்

ஒருவர் சொன்னதை வைத்தே முழுதும் எழுதினால் அது அவருடைய கதையாகிவிடும் என்ற பயம் வந்தது. காலாப்பட்டில் எனக்கு ஒரு நண்பர், மொழிபெயர்ப்பாளர், சக்கர நாற்காலிக்காரர். பதினைந்து வருடப் பழக்கம். இத்தனை வருடத்தில் அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போய்க் கேட்டேன். அவருக்கும் ரெஜினாவுக்கும் எதிலும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் பிடிக்கும், ரெஜினாவுக்கு அதைக் கேட்டாலே கொட்டாவி வரும். அவருக்குப் பேருந்தில் ஏற உதவினால் பரவாயில்லை, ரெஜினாவைக் கேட்காமல் தொட்டால் கை உடையும். குழம்பிப்போய், அப்படியானால் ரோசலியை இரண்டு பேருக்கும் பொதுவாக எழுதட்டுமா என்றேன். அவர் மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எங்க எல்லாருக்கும் பதிலா ஒரே பொம்பளைய நிக்க வெக்காத. பாவம், ஏற்கெனவே அவளுக்குக் கால் வலி."

மதியம் மூன்று மணி

வெளியான எபிசோடுகளைத் திரும்பப் பெற முடியாது. செத்தவர்கள் பேசுவது ரோசலிக்குக் கேட்கும் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். ரோசலிக்கு எதுவுமே கேட்கவில்லை. பொய் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அந்த சொல்தா வீட்டின் முன் அறை வேண்டும். வேறொருவர் வார்த்த மெழுகுவத்தியை வெயிலில் உட்கார்ந்து விற்றது போதும், சொந்தமாக அடுப்பு வைத்து வார்க்க வேண்டும். வீட்டில் பேய் இருக்கிறது என்று அவளே கிளப்பிவிட்டால் வேறு யாரும் வாடகைக்குக் கேட்கமாட்டார்கள். ஊர் தன் காலைப் பார்த்தால் எதையும் நம்பும் என்று அவளுக்குத் தெரியும், அதைப் பயன்படுத்திக்கொண்டாள். பிடிவாதக்காரி, கணக்காகப் பேசுகிறவள், கொஞ்சம் ஈவிரக்கம் இல்லாதவள். கஷ்டம் என்னவென்றால் வீட்டில் நிஜமாகவே பேய் இருக்கிறது. எல்லோருக்கும் கேட்கிறது, அவளுக்கு மட்டும் கேட்பதில்லை. மஞ்சள் ஸ்கூட்டரை ஏழாம் எபிசோடிலேயே விற்க வைத்தேன், அது ரெஜினாவின் வண்டி.

என் எழுதும் அறை மாடியில். பழைய மரப்படி, யார் ஏறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் மதியம் மூன்று மணி இருக்கும். பதினான்காம் எபிசோடில், கடன் கேட்ட இடத்தில் கிடைக்காமல் ரோசலி திரும்பி வருகிறாள். பழைய பழக்கம் விடுமா? மாதா சிலை அடியில் உட்கார்ந்து தன் காலைப் பார்த்து அழுகிறாள் என்று எழுதினேன். அழகான வரி. அப்போது படியில் சத்தம். முதலில் ஒரு கால், பிறகு குச்சியும் மற்ற காலும். நல்ல கால்தான் முதலில் ஏறியது, எனக்கு அது கேட்டே தெரிந்தது. பாதிப் படி வந்தது. நின்றது. பிறகு 'க்ளிக்'. யாரோ படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு அப்புறம் ஒரு அசைவும் இல்லை.

கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பேய்க்கதை எழுதுகிறவனுக்குப் பேயைப் பார்க்கும் தைரியம் இருக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. அந்த அழுகிற வரியைப் பார்த்தேன். கடன் கிடைக்காத ஆத்திரத்தில் எந்த வியாபாரி காலைப் பார்த்து அழுவான்? அடித்துவிட்டு, ரோசலி நேரே போட்டிக் கடைக்குப் போய் அவர்கள் மெழுகில் கலப்படம் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வருகிறாள் என்று எழுதினேன். பொறாமை, அவ்வளவுதான், காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுதி முடித்த அந்த நொடியில் 'க்ளிக்'. எழுந்தாயிற்று. குச்சியும் காலிப்பர் காலும் முதலில், பிறகு மற்றது, டொக், தட், கீழே வரை.

ரெஜினாவுக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெரிய மோட்டார் மடியில் கிடக்கிறது, அப்புறம் கூப்பிடுங்கள் என்றார், பின்னால் கடைச் சத்தம் கேட்டது. நான் தட்டுத்தடுமாறி இறங்கினேன். என் மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கும் முன்பே அவள் கேட்டாள்: "யாருங்க அந்தம்மா? டீ குடிச்சிட்டு போங்கன்னேன், வேலை கெடக்குன்னுட்டு போயிட்டாங்க."

எழுந்து நடக்கும் காட்சி

இருபத்துமூன்று எபிசோடு வரை மேடம் வாயைத் திறக்கவில்லை. கேட்பவர்கள் ரோசலியைத் திட்டித் திட்டிக் கேட்டார்கள், எண்ணிக்கை ஏறியது. கடைசி எபிசோடு வந்ததும் ஃபோன் வந்தது. பொய் சொன்னவள் திருந்த வேண்டாமா? அவள் அழுது மன்னிப்புக் கேட்கிறாள், சொல்தாவின் ஆவி மனம் இரங்குகிறது, காலிப்பர் தானாகக் கழன்று விழுகிறது, ரோசலி எழுந்து நடக்கிறாள். நான் மறுத்தேன். குணமானால்தான் முடிவு என்றால் இவ்வளவு நாள் அவள் வாழ்ந்தது என்ன, காத்திருப்பு அறையா என்று கேட்டேன். முதல் சுருக்கத்தில் அவளைக் கொல்வதாக நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள் என்று மேடம் கேட்டார். நீங்கள் எழுதாவிட்டால் வேறு ஆள் எழுதுவார் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். ரெஜினாவிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

பதிவு நாளில் மேடம் சென்னையிலிருந்து ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் கொடுக்கிற பெண் நன்றாகத்தான் படித்தாள். 'ரோசலி எழுந்தாள்' என்ற இடம் வந்தது. பிரபு கையைத் தூக்கி நிறுத்தினார். மறுபடியும் போட்டுக் காட்டினார். 'ரோசலி எழுந்தாள்' என்ற சொல்லுக்கு அடுத்து, மைக்குக்கு மிக அருகில், 'க்ளிக்'. நாற்காலி லேசாக முனகியது. யாரோ வளையத்தைத் தூக்கிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது தடவை எடுத்தோம். அதே இடத்தில் அதே சத்தம். மூன்றாவது தடவை பிரபு அறையில் இருந்த நாற்காலிகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, எங்களை நிற்க வைத்து எடுத்தார். நாற்காலியே இல்லாத அறையில் நாற்காலி முனகியது.

குரல் கொடுக்கிற பெண் செருப்பைக்கூட எடுக்காமல் வெளியே ஓடிவிட்டாள். பிரபு ஃபோனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து அந்த மூன்றையும் மேடத்துக்குப் போட்டுக் காட்டினார். பிறகு மேடம், பதினோரு வருடத்தில் நான் கேட்டிராத மரியாதையோடு சொன்னார்: "சரி சார், அவங்க உக்காந்தே இருக்கட்டும். எபிசோடு நாளைக்குப் போயாகணும்."

கையெழுத்து

வாசல் படியில் நின்றே வேறு முடிவு எழுதினேன். அரை மணி நேரம். ரோசலி திருந்தவில்லை, அழவில்லை, குணமாகவில்லை, சாகவும் இல்லை. அந்த வீட்டின் முன் அறையில் உட்கார்ந்து, தனக்குக் கேட்காத பேயிடம் காற்றைப் பார்த்துப் பேசுகிறாள். பின்கட்டு உங்களுக்கு, முன் அறை எனக்கு, இரவில் நடந்தால் மெதுவாக நடங்கள், காலையில் எனக்கு வேலை இருக்கிறது. அடுப்பைப் பற்ற வைக்கிறாள். அவள் சுமத்திய பழிக்குக் கணக்குத் தீர்க்கப் போட்டிக் கடைக்காரர் வாசலில் காத்திருக்கிறார், அதையும் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடிப்போன பெண்ணைக் கெஞ்சிக் கூட்டிவந்து பதிவு செய்தோம். அந்த எபிசோடில் கூடுதல் சத்தம் எதுவும் இல்லை. நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எபிசோடு வெளியானதும் திட்டுகள் வந்து குவிந்தன. இப்படி ஒரு ஏமாற்றுக்காரியா, காலைக் காட்டி ஊரையே நம்ப வைத்தாளே என்று. ரெஜினா மேசையை விட வேண்டிய நாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் பதறிக்கொண்டு தட்டாஞ்சாவடிக்கு ஓடினேன். தெய்வமாக்கி ரெஜினாவின் ஷெட்டைக் கெடுத்தது போதாதென்று, இப்போது திருடியாக்கியும் கெடுத்துவிட்டேனோ என்ற பயம். கடையில் எலுமிச்சம்பழம் இல்லை, மெழுகுவத்தி இல்லை. ரெஜினாவும் இல்லை. அவருடைய மேசையில் வேறொருவர் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சந்து முனையைக் கை காட்டினார்.

அங்கே ஷெட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். ரோசலி செய்ததைக் கேட்ட பிறகு இனிமேல் யாரையும் வாய் வார்த்தையில் நம்பமாட்டாராம். பத்திரத்தில் எழுதினால்தான் சாவி. மீட்டரில் கை வைக்கக் கூடாது, உள்வாடகைக்கு விடக் கூடாது, வார்னிஷ் அடுப்பால் சுவர் கருத்தால் வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும், காலி செய்வதானால் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், சாட்சிக்கு இரண்டு பேர். ரெஜினா ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கத்தினார். கூரையில் ஒழுகினால் யார் பொறுப்பு, வாசலில் சரிவு போட்டுத் தர வேண்டும், அது பத்திரத்தில் வர வேண்டும். முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. வெள்ளையடிப்பதில் ரெஜினா தோற்றார், சரிவில் ஜெயித்தார். இரண்டாவது சாட்சியாக என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஷெட்டுக்காரர் என் பெயரைப் படித்துவிட்டு முறைத்தார், பிறகு சாவியை ரெஜினாவிடம் கொடுத்தார்.

அவர் போன பிறகு ரெஜினா பூட்டைத் திறந்து உள்ளே போனார். காலி ஷெட்டு, ஓரமாகக் கிடந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். 'க்ளிக்'. இந்தத் தடவை அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொண்டு சிரித்தார். "இத்தினி வருசத்துல மொத மொத ஒரு ஆளு என்னை நம்பாம கையெழுத்து வாங்கிகினு போறான் பாய்."

செத்துப்போனவருக்கு நிறைவேறாத ஆசை ஒன்று இருந்தது என்று எழுதினால் ஒரே வரியில் நம்பிவிடுகிற நாம், காலிப்பர் போட்டு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படி ஒன்று உண்டு என்று நம்புவதற்கு இருபத்துநான்கு எபிசோடும், ஒரு பத்திரமும், இரண்டு சாட்சியும் கேட்கிறோம்.